அரை மணி நேரத் தண்ணீருக்கு ஆறு வருட வழக்கு

காங்கயம் பக்கம் எங்கள் அப்பாரு காலத்துப் பங்குக் கிணறு ஒன்று உண்டு. நாலு நாள் முறை. அப்பாருவுக்கு இரண்டு நாள், பங்காளிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு நாள். ஒரு கோடையில் பங்காளி ஒருவர் தன் முறை முடிந்த பிறகும் அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தவில்லை. அந்தத் தண்ணீர் நாலு பாத்தி மிளகாய்க்குக் கூடக் காணாது. வழக்கு ஆறு வருடம் நடந்தது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு போர் போட்டிருக்கலாம். கேட்டால் அப்பாரு சொல்வார்: "தண்ணி போனாப் போச்சாது கண்ணு. ஏமாத்துறதை எப்படி விடறது?"

இதே மனநிலையை 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்பவர் ஒரு விளையாட்டாக்கிப் பார்த்தார். ஒருவர் கையில் நூறு ரூபாய் இருப்பதாக வையுங்கள். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு என்று அவர் சொல்ல வேண்டும். எதிராளி சம்மதித்தால் அப்படியே பிரிப்பு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி பத்து ரூபாய் கிடைத்தாலும் லாபம்தான். ஆனால் இந்த விளையாட்டைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்ததில், இருபதுக்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள். நஷ்டப்பட்டாவது எதிராளியைத் தண்டிக்கும் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? பரிணாமத்திலிருந்தா, வளர்ந்த பண்பாட்டிலிருந்தா?

பரிணாமத் தரப்பின் பழைய பதில் 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் சொன்னது: இன்று நான் உதவினால் நாளை நீ உதவுவாய், ஏமாற்றினால் உறவு முறியும். திரும்பத் திரும்பச் சந்திக்கும் பங்காளிகளுக்கு இது பொருந்தும். முகம் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை ஆடும் ஆட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பின்னால் வந்த நிக்கோலா போமாரும் அவருடன் எழுதியவர்களும் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை முன்வைத்தார்கள். அதிகம் சுருட்டுகிறவனோடு யாரும் கூட்டுச் சேர மாட்டார்கள். குறைவாக வாங்கிக்கொள்கிறவனை எல்லாரும் சுரண்டுவார்கள். அதனால் பிரிப்பு உழைப்புக்கு ஏற்ற பங்கில் போய் நிற்கும். ஊரில் 'அவன்கூடப் பங்கு வெச்சுக்காதீங்க' என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்னாகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

குரங்குச் சான்றை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை, தனக்கு வெள்ளரிக்காய் என்றதும் கபுசின் குரங்கு வீசியெறிந்ததாக 2003இல் வந்த ஆய்வு பிரபலம். மற்றவர்கள் திரும்பச் செய்தபோது எப்போதும் அப்படி வரவில்லை. கூத் ஆட்டத்தை 2007இல் சிம்பன்சிகளிடம் வைத்தபோது, ஏதாவது கிடைத்தால் போதும் என்று அவை வாங்கிக்கொண்டன.

பண்பாட்டுத் தரப்பின் பலம் ஜோசப் ஹென்ரிக் குழு இதே ஆட்டத்தை 15 சிறு சமூகங்களில் வைத்து நடத்திய ஆய்வு. 2001இல் முதல் முடிவுகள் வந்தன. பெரு நாட்டு மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம்தான் கொடுக்க முன்வந்தார்கள். மறுத்தவர் அநேகமாக இல்லை. இந்தோனேசியாவின் லமலேராவில் சராசரி பாதியைத் தாண்டியது. அங்கே படகில் சேர்ந்து போய்த் திமிங்கிலம் பிடித்து, யாருக்கு எந்தத் துண்டு என்று கறாராகப் பிரிப்பார்கள். மச்சிகெங்கா குடும்பங்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே பிழைக்கிறவை.

நமக்குச் சட்டென்று புரிவது பப்புவா நியூகினியின் அவ், க்னாவ் மக்களின் கதை. அங்கே பாதிக்கு மேல் கொடுத்தாலும் மறுத்தார்கள். பெரிய பரிசு வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டுமே! மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மால் திருப்ப முடியாத அளவுக்கு ஒருவர் எழுதிவிட்டுப் போனால் வயிற்றைப் பிசையும்.

என் தீர்ப்பு இரண்டையும் பிரித்துத்தான். 2015இல் ஏழு நாட்டுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவும் அதில் இருந்தது. தனக்குக் குறைந்தால் மறுக்கும் குணம் ஏழிலும் தெரிந்தது. தனக்கு அதிகம் வந்தாலும் மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே தெரிந்தது. முதல் கோபத்தைப் பரிணாமத்தின் கணக்கில் எழுதலாம். இரண்டாவதை வளர்ப்பின் கணக்கில்தான் எழுத முடியும். எது நியாயமான பங்கு என்பதும் அதே கணக்குதான். எங்கள் கிணற்றில் அளவு ஏக்கர். தலைக்கு இவ்வளவு என்றோ, வெட்டிய கூலிக்கு ஏற்ப என்றோ வைத்திருந்தாலும் அதுவே நியாயமாகப் பட்டிருக்கும்.

அந்தக் கிணறு இப்போது வற்றிவிட்டது. மூன்று தோட்டத்திலும் தனித்தனி போர். ஒருவர் இறைத்தால் அடுத்தவர் போரில் தண்ணீர் இறங்குகிறது, அரை மணி நேரத் தண்ணீரைவிடப் பல மடங்கு. அதற்கு முறை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதுவரை ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை.