கறை பட்டாலே முதல் நாளா? பீரியட்ஸ் ஆப், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

இந்த ஆப்பைப் பற்றி எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. பல வருடமாக போனில் கிடக்கிறது, அதன் பாட்டுக்கு ஓடுகிறது. ஏப்ரல் மாதம் தோழி ஒருத்தி கேட்ட கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. அவளும் இதே ஆப்தான். "பீரியட்ஸ் மூன்றாவது நாளில் ரத்தப் பரிசோதனை" என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 3-ஆம் தேதி காலையில் கூப்பிட்டாள். "ஆப்ல இன்னைக்கு மூணாம் நாள்னு காட்டுதுடி. ஆனா இன்னும் பேட் வைக்கிற அளவுக்கு எதுவுமே வரல. லேபுக்குப் போகவா, வேண்டாமா?"

போகாதே என்றேன். காரணத்தை விளக்கி முடிப்பதற்குள் எனக்கே கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, ஆப் மேல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராமல் போகலாம். நாள்காட்டி கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கிறது. பதிவெல்லாம் போனிலேயே இருக்கிறது, கணக்குத் தொடங்கச் சொல்லித் தொல்லை இல்லை. போன் மாற்றியபோது பழைய பதிவுகள் ஒன்றுகூட விடாமல் புதிய போனுக்கு வந்துவிட்டன. டாக்டரிடம் காட்ட ஒரே பக்கத்தில் பட்டியல் எடுத்துக் கொடுக்கிறது, அது உண்மையிலேயே அருமை. ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அந்தக் குறிப்புக் கட்டம்தான் என்னை இத்தனை நாள் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி குறை. இந்த ஆப்புக்கு ரத்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான். நாளைத் தொட்டால் நான்கு சொட்டுப் படங்கள் வரும்: மிகச் சிறியது, சிறியது, நடுத்தரம், பெரியது. மிகச் சிறியதைத் தொட்டாலும் போதும், அந்த நாளையே சுழற்சியின் முதல் நாள் ஆக்கிவிடும். எதிர்பார்க்கும் தேதி நெருங்கும்போது "பீரியட்ஸ் தொடங்கிவிட்டதா?" என்று ஒரு அறிவிப்பும் வரும். ஆம், இல்லை என்று இரண்டே பதில். "கறை மட்டும்தான்" என்று மூன்றாவது பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆம் என்று அழுத்தினால் அடுத்து வரும் நாட்களையும் அதுவே சிவப்பாக நிரப்பிவிடும்.

முதல் நாள் என்பது சிவப்பு ரத்தம் தொடர்ந்து வர ஆரம்பித்து, பேட் அல்லது கப் இல்லாமல் சமாளிக்க முடியாது என்று ஆகும் நாள். அதற்கு முன்பு ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளாடையில் படும் பழுப்புக் கறையும், துடைக்கும்போது மட்டும் தெரியும் இளஞ்சிவப்பும் ஸ்பாட்டிங். அவை முந்தைய சுழற்சியின் கடைசி நாட்களில் சேரும். இப்படித் தொடர்ந்து ரத்தம் வருவதை முழுப் போக்கு என்றதும், அதிகமாகப் போகும் நாள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, நிறையப் பேருக்கு இரண்டாவது நாள்தான் அதிகமாகப் போகும். எப்போதுமே குறைவாகப் போகிறவர்களுக்கும் முதல் நாள் உண்டு: கறையாக இருந்தது நிற்காமல் வரும் சிவப்புப் போக்காக மாறிய நாள். சுழற்சியின் நீளம் ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை. அடுத்த முதல் நாளையும் இதிலேயே சேர்த்து எண்ணினால் ஒரு நாள் கூடிவிடும். பீரியட்ஸ் முடிந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு எந்த டாக்டரின் கணக்கோடும் பொருந்தாது.

"இரண்டு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும்?" என்று நானும் ஒரு காலத்தில் ஆப்புக்காகப் பேசியிருக்கிறேன். அது ஓரளவு நியாயமான வாதம்தான். ஒவ்வொரு மாதமும் சரியாக இரண்டு நாள் கறை பட்டு, பிறகு போக்கு தொடங்குகிறது என்றால், இரண்டு முனையும் ஒரே அளவுக்கு நகர்வதால் சுழற்சியின் நீளம் சரியாகவே வரும், நாளின் எண் மட்டும் இரண்டு கூடுதலாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், கறை மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி வராது.

தோழி அனுமதித்ததால் அவளுடைய நாள்காட்டியையே வைத்துச் சொல்கிறேன். மார்ச் 4, 5 பழுப்புக் கறை. 6-ஆம் தேதி காலை போக்கு. ஏப்ரலில் 1, 2, 3 மூன்று நாளும் கறை, 4-ஆம் தேதி போக்கு. மே மாதம் கறையே இல்லை, 3-ஆம் தேதி நேராகப் போக்கு. சரியாக எண்ணினால் மார்ச் 6 முதல் ஏப்ரல் 3 வரை 29 நாள், ஏப்ரல் 4 முதல் மே 2 வரை 29 நாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. ஆப் எண்ணியது எப்படி? மார்ச் 4 முதல் மார்ச் 31 வரை 28, ஏப்ரல் 1 முதல் மே 2 வரை 32. "உங்கள் சுழற்சியில் ஏற்ற இறக்கம் காணப்படுகிறது" என்று ஒரு மஞ்சள் பெட்டியை வேறு நீட்டியது. உடம்பு கடிகாரம் மாதிரி ஓடுகிறது, ஏறி இறங்கியது கறை மட்டும்.

சரி, அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். மூன்றாம் நாளில் பார்ப்பது பெரும்பாலும் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடியால் ஆகிய ஹார்மோன்கள். போக்கு தொடங்கிய 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாளுக்குள் எடுக்கச் சொல்வது வழக்கம். முந்தைய சுழற்சியின் ஹார்மோன்கள் அடங்கி, அடுத்த கருமுட்டையைத் தாங்கும் சிறு பை இன்னும் பெரிதாக வளராத இடைவெளி அது. சில நாள் தாண்டினால், வளரும் பை சுரக்கும் எஸ்ட்ரடியால் கூடி எஃப்.எஸ்.எச்.ஸைக் கீழே அழுத்திவிடும். ஆப் சொன்ன மூன்றாம் நாளான ஏப்ரல் 3 அன்று அவள் போயிருந்தால், புதிய சுழற்சி தொடங்கும் முன்பே ரத்தம் கொடுத்திருப்பாள். லேபில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, படிவத்தில் "மூன்றாம் நாள்" என்றுதான் இருக்கும். வந்த எண்ணை டாக்டர் மூன்றாம் நாளுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். அவள் காத்திருந்து 6-ஆம் தேதி போனாள்.

சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் கூடுவதைக் காட்டும் பட்டையை வைத்துக் கருமுட்டை வெளியேறும் நாளைக் கணிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவளுக்கு மார்ச் 20 வாக்கில் முட்டை வெளியானதாகப் பட்டையை வைத்துக் கணக்கு. மறுநாளிலிருந்து ஏப்ரல் 3 வரை எண்ணினால் சுழற்சியின் பின்பாதி 14 நாள், நல்ல நீளம். ஆப் மார்ச் 31-உடன் சுழற்சியை முடித்துவிட்டதால் அதற்கு அது 11 நாள். இன்னும் இரண்டு நாள் கறை கூடியிருந்தால் 9 என்று காட்டியிருக்கும். பின்பாதி 10 நாளுக்குக் கீழே என்றாலே கவலைப்பட ஆரம்பிக்கிறவர்கள் உண்டு, குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் முக்கியமாக. இல்லாத பிரச்சினைக்கு எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் இருந்தார்களோ.

அப்படியானால் கறையைப் பதிவே செய்யாமல் விட்டால் என்ன? இந்த ஆப் நம்மைத் தள்ளுவது அங்கேதான், எனக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. மாதாமாதம் போக்குக்கு முன்பு பல நாள் கறை படுவதும், சுழற்சியின் நடுவில் படுவதும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதற்குப் பின்னால் கர்ப்பப்பையில் வளரும் சிறு சதையான பாலிப் இருக்கலாம், கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தேதி வேண்டும், எத்தனை நாள் என்று வேண்டும், நிறம் வேண்டும். கறையோடு நின்றுபோய்ப் போக்கு வரவே இல்லை என்றாலும் அது முக்கியம், கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கலாம். இந்த ஆப்பில் சொட்டைத் தொட்டால் முதல் நாள் கெடும், தொடாவிட்டால் தகவல் போகும்.

நான் செய்வது இதுதான்: கறை நாளில் சொட்டுப் படத்தைத் தொடவே மாட்டேன். குறிப்புக் கட்டத்தில் "பழுப்பு, துடைத்தபோது மட்டும்" என்று எழுதுவேன். பேட் தேவைப்பட்ட நாளில்தான் சொட்டு. அந்த அறிவிப்பை அமைப்புகளில் போய் அணைத்துவிட்டேன். பழைய பதிவுகளில் முன்னால் இருந்த மிகச் சிறிய சொட்டுகளை எடுத்துவிட்டுக் குறிப்பாக மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விட்டது. மாற்றியதும் சராசரி தானாகத் திருந்திவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். கணக்குப் போடும் பகுதியில் குறையே இல்லை. சரியான தேதியைக் கொடுத்தால் சரியாகவே சொல்கிறது.

ராத்திரி பத்து மணிக்குப் போக்கு தொடங்கினால் முதல் நாள் எது என்று அதே தோழி அடுத்த மாதம் கேட்டாள். இதற்கு ஆப்பைத் திட்ட முடியாது, ஏனென்றால் மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி வேறு. மாலைக்கு மேல் தொடங்கினால் மறுநாளைத்தான் முதல் நாளாக எடுக்கச் சொல்கிறவர்கள் நிறைய. நள்ளிரவை எல்லையாக வைப்பவர்களும் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை மணி எல்லை என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு மாறாமல் எண்ணினால் போதும். நேரத்தையும் குறிப்பில் போட்டுவிட்டால் பிறகு எந்த விதிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரை இடைவெளியில் வருவது ஹார்மோன் நிறுத்தத்தால் வரும் போக்கு, அவர்களுக்கு அட்டையின் வரிசைதான் நாள்காட்டி.

போன மாதம் வந்த அப்டேட்டில் ஸ்பாட்டிங்குக்குத் தனியாக ஒரு பழுப்புப் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷப்பட்டுத் திறந்தால், அது "மற்ற அறிகுறிகள்" பட்டியலில் தலைவலிக்கும் முகப்பருவுக்கும் கீழே இருக்கிறது. முகப்பில் அந்த மிகச் சிறிய சொட்டு அப்படியே இருக்கிறது, அது இன்னமும் முதல் நாளாகத்தான் எண்ணுகிறது. புதிதாக வருகிற பெண் எதைத் தொடுவாள்?

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று கேட்பீர்கள். ஆமாம், இரண்டுதான். முதல் நாள் எது என்று தெரிந்தவருக்கு இது நல்ல ஆப், தெரியாதவருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுக்கிற ஆப். நான் நீக்கப்போவதில்லை, பழைய பதிவெல்லாம் இதில்தான் இருக்கிறது. முன்கறையே படாமல் நேராகப் போக்கு தொடங்குகிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு நாலு.