லைன் கட் என்று சொல்லி 2,400 ரூபாய் வாங்கினார்கள், தீர்ந்தது கோட்டா

வீரவநல்லூரில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. 50 எம்பிபிஎஸ், மாதம் 500 ஜிபி, அதைத் தாண்டினால் 2 எம்பிபிஎஸ் என்பதுதான் பிளான். இந்தக் கடைசி வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை. "அன்லிமிடெட் அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்றுதான் ஏஜென்ட் தம்பி சொன்னான்.

அக்டோபர் 24-ஆம் தேதி காலையில் நெட் படுத்துவிட்டது. வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் மகளுக்கு மீட்டிங்கில் படமும் வரவில்லை, குரலும் வரவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். ஐப்பசி மழை நேரம் வேறு. "போஸ்ட் பக்கம் ஃபைபர் மடங்கியிருக்கும்" என்று சொல்லி ஆளை அனுப்பினான். வந்த பையன் ஒயரை வெட்டி, மறுபடி ஒட்டி ஸ்ப்ளைஸ் பண்ணி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். வேகம் அப்படியேதான் இருந்தது.

நவம்பர் 5-ஆம் தேதி ஏஜென்ட்டே வந்தான். ரவுட்டர் போச்சு என்று புதுசு மாட்டி 1,800 ரூபாய் வாங்கினான். மாட்டியும் வேகம் வரவில்லையே என்று கேட்டேன். "புது பெட்டி, ரெண்டு நாள் ஓடுனா செட் ஆயிரும் அண்ணாச்சி" என்றான். அவன் சொன்னபடியே ஏழாம் தேதி செட் ஆகிவிட்டது! கைராசிக்காரன் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்தேன். அந்த ஏழாம் தேதிதான் எங்கள் பிளான் ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கும் தேதி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நவம்பர் 24, மறுபடியும் அதே கதை. பழுது தேதி பார்த்தா வரும்? இந்தத் தடவை ஏஜென்ட்டைக் கூப்பிடாமல் நானே உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பெட்டியின் விளக்குகள். ஃபைபர் அறுந்தாலோ நன்றாக மடங்கினாலோ LOS என்ற விளக்கு சிவப்பாக எரியும். எங்கள் பெட்டியில் அது எரியவே இல்லை. அப்புறம் பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து RX Power என்ற எண்ணைப் பார்த்தேன். ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு அது. எனக்கு -21 என்று காட்டியது. இந்த வகை இணைப்பில் -27 வரை தாங்கும், அதற்குக் கீழே போனால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும். ஆக, லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்து, வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை ஒயரால் ரவுட்டரில் சொருகினேன். வைஃபையில் பார்த்தால் அறைக்கு அறை எண் மாறும், ஒன்றும் தெளிவாகாது. பிறகு விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் இந்த வரியை ஓட்டினேன். ஐம்பது சின்னத் தகவல் துணுக்குகளை, அதாவது பாக்கெட்டுகளை, அனுப்பி ஒவ்வொன்றும் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று இது காட்டும்:

```
ping -n 50 8.8.8.8
```

நேரம் ஒருமுறை 30, ஒருமுறை 900 என்று தாறுமாறாக வந்தது. பழுதுதான் போல என்று அந்த இடத்தில் நானும் ஏமாறப் பார்த்தேன். வாசலிலும் கொல்லையிலும் இருக்கும் இரண்டு கேமராக்களின் நினைவு வரவே, அவற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐம்பதும் 25, 30 மில்லி செகண்டில் திரும்பி வந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை. லைனில் கோளாறு இருந்தால் யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் பாக்கெட்டுகள் தொலையும். யாராவது பயன்படுத்தும்போது மட்டும் நேரம் எகிறுகிறது என்றால், குழாய் சின்னதாகி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

கேமராக்கள் அணைந்திருக்கும்போதே வேகத்தை மூன்று வேளை அளந்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். விடியற்காலை 5 மணிக்கு 1.92, மதியம் 1.94, இரவு 9 மணிக்கு 1.91. ஊரே பயன்படுத்தும் நெரிசலால் குறைந்திருந்தால் இரவில் படுத்து விடியற்காலையில் நிமிர்ந்திருக்கும். பழுது என்றால் ஏறி இறங்கும். இது கோடு போட்ட மாதிரி நிற்கிறது, அதுவும் பிளானில் எழுதியிருக்கும் 2-க்குச் சற்றே கீழே.

நேர்கோடாக நிற்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ரவுட்டரில் சொருகும் லேன் ஒயர் பழுதானாலும் அந்த போர்ட் 100-க்கோ 10-க்கோ இறங்கி, வேகம் 94-லோ 9-லோ இப்படியே அசையாமல் நிற்கும். அதனால் நிற்கும் எண்ணும் பிளானில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீதியைக் கம்பெனியின் கணக்குப் பக்கம் சொன்னது: 500-க்கு 500. அதில் பெரும்பகுதி அப்லோட். நாங்கள் என்னத்தை அப்லோட் பண்ணினோம் என்று யோசித்தால், அதே கேமராக்கள். செப்டம்பர் கடைசியில் இதே ஏஜென்ட் மாட்டியவை, இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்குப் படம் அனுப்புகிறவை. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் அனுப்பினால் நாளொன்றுக்கு 10.8 ஜிபி. இரண்டுக்கும் 21.6. டிவி, மகளின் வேலை எல்லாம் ஏழெட்டு ஜிபி. நாளுக்கு 29 வைத்தால் 500 ஜிபி பதினேழு நாளில் காலி. ஏழாம் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள், 23-ஆம் தேதி இரவோடு முடியும். வேகம் 2-க்கு இறங்கிய பிறகும் கேமராக்கள் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததால்தான் மீட்டிங்கே நடக்காத அளவுக்குப் போனது.

டிசம்பர் 6 இரவு முழித்திருந்தேன். 11.50-க்கு 1.9. 12.10-க்கும் 1.9 என்றதும் பகீர் என்றது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், அது கம்பெனியில் புதிதாக லாகின் ஆனதும் 48. பழைய லாகின் தொடரும்வரை சில இடங்களில் பழைய வேகமே ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகையால் அந்த இரவில் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டே அளக்க வேண்டும்.

எனக்கு வயிறெரிந்தது இதற்கெல்லாம் இல்லை. வீட்டு இணைப்பில் கோட்டாவில் 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு ஏன் வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் பண்ணினால், பதிவு செய்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொன்னார்கள். அது ஏஜென்ட்டின் எண். கோட்டா தீர்ந்த செய்தியைத் தன் போனில் வைத்துக்கொண்டுதான் ஒயரை வெட்ட ஆள் அனுப்பியிருக்கிறான். ஏழாம் தேதி தெரிந்துதான் "ரெண்டு நாள்" என்றிருக்கிறான். உங்கள் இணைப்பில் யார் எண் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த என் மச்சான் வீட்டிலும் இதே கதைதான்.

ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அது சிஸ்டத்துல தானா விழுந்துட்டு அண்ணாச்சி" என்றான். கம்பெனியின் புகார் மையத்தில் எழுதி, புகார் எண் வாங்கி, காலண்டர் தாளையும் படம் பிடித்து அனுப்பினேன். முதலில் "லைன் சரியாக உள்ளது" என்று மூடிவிட்டார்கள். அதே கம்பெனியின் மேல்முறையீட்டுக்குப் போனதும் ரவுட்டர் பணம் 1,800 அடுத்த பில்லில் கழிந்தது. ஸ்ப்ளைஸ் பண்ணின 600-க்கு ரசீது இல்லாததால் அது போனது போனதுதான்.

கேமராக்களுக்கு மெமரி கார்டு போட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிட்டேன். எண்ணையும் மாற்றியாயிற்று. ஜனவரி 2-ஆம் தேதி என் போனுக்கு முதல் செய்தி வந்தது: 50 சதவீதம்.