நெகட்டிவ் ப்ராம்ப்டா, ரெஃபரன்ஸ் படமா? பன்னிரண்டு பின்னணிகளும் ஒரே கையால் வரைந்தது போல வர எது உதவியது

அல்சூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் செய்யும் குழந்தைகள் கதை வீடியோவுக்குப் பன்னிரண்டு பின்னணிகள் தேவைப்பட்டன. பழைய பெங்களூர் பங்களா ஒன்று, அதன் சமையலறை, ராத்திரி மொட்டைமாடி, ஏரிக்கரை, பஸ் ஸ்டாப் என்று போகும் பட்டியல். எல்லாம் ஒரே வாட்டர்கலர் நோட்டிலிருந்து கிழித்த பக்கங்கள் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. AI படங்கள் உருவாக்கும் ComfyUI மென்பொருளில் SDXL மாடலை வைத்து, 1344×768 அளவில், முதல் ரவுண்டு முழுக்க என்னென்ன வேண்டாம் என்று எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்டை மட்டும் நம்பினேன், இரண்டாவது ரவுண்டில்தான் ஸ்டைலுக்கு மாதிரியாகக் கொடுக்கும் ரெஃபரன்ஸ் படத்துக்குப் போனேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டைலைப் பிடித்து வைப்பது ரெஃபரன்ஸ் படம்தான். நெகட்டிவ் ப்ராம்ப்ட் அதற்குப் பின்னால் துடைப்பத்தோடு வரும் ஆள்.

ஏன் என்று கேட்டால், நெகட்டிவ் வேலை செய்யும் விதமே அப்படி. இரைச்சலிலிருந்து படம் படிப்படியாகத் தெளியும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும், நீக்க வேண்டிய இரைச்சலை மாடல் இரண்டு தடவை கணிக்கிறது, நாம் கேட்டதை வைத்து ஒன்று, வேண்டாம் என்றதை வைத்து இன்னொன்று. பிறகு வேண்டாததிலிருந்து வேண்டியதை நோக்கித் தள்ளுகிறது:

```
noise = neg + cfg * (pos - neg)
```

இதில் `cfg` என்பது எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்ற எண். அதை 1 என்று போட்டுப் பாருங்கள், `neg` அடிபட்டுப் போய் `pos` மட்டும் மிஞ்சும். அதனால்தான் நாலு ஸ்டெப்பில் படம் தரும் Lightning, LCM வகை மாடல்களை CFG 1-இல் ஓட்டும்போது நெகட்டிவ் பெட்டியில் ராமாயணமே எழுதினாலும் படத்தில் ஒரு புள்ளி மாறாது. Flux dev மாடலை வழக்கம்போல ஓட்டினாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் படத்தின் தொடக்க எண்ணான seed-ஐ மாற்றாமல் நெகட்டிவைக் காலி செய்து ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டு படமும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால், இவ்வளவு நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். நானும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறேன்.

சரி, CFG 6 வைத்து 30 ஸ்டெப் ஓட்டினேன், நெகட்டிவ் உயிரோடு இருந்தது. `photo, 3d render, anime, people, text` என்று போட்டேன். போட்டோ மாதிரி வருவது நின்றது உண்மை, ஆனால் பங்களா வாட்டர்கலராக வந்தது, சமையலறை ஆயில் பெயின்ட் மாதிரி, ஏரிக்கரை பள்ளிக்கூடச் சார்ட்டில் ஒட்டும் படம் மாதிரி வந்தது. "போட்டோ வேண்டாம்" என்பது ஒரு திசையை அடைக்கிறதே தவிர வேறு எந்தத் திசைக்கும் வழி காட்டவில்லை. ஆட்டோக்காரரிடம் "மல்லேஸ்வரம் போகாதீங்க" என்று மட்டும் சொல்லி ஏறி உட்கார்ந்தால் எங்கே கொண்டுபோய் விடுவார்? பட்டியலை நாற்பது வார்த்தைக்கு நீட்டியும் பார்த்தேன், ஒற்றுமை கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று `dark` என்று ஒன்றைச் சேர்த்தேன், ராத்திரி மொட்டைமாடி சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பிவிட்டது.

இதைவிட வேடிக்கை பங்களாவில் நடந்தது. பழைய பெங்களூர் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே கூம்பாக, மெல்லிய மரச்சட்டங்கள் வைத்த ஒரு மறைப்பு இருக்கும், மங்கி டாப் என்பார்கள். ப்ராம்ப்டில் `monkey top` என்று எழுதினேன், கூரைமேல் குரங்கு உட்கார்ந்துவிட்டது. உடனே நெகட்டிவில் `monkey` போட்டேன். ஒரே சொல்லை ஒரு கையால் கூப்பிட்டு இன்னொரு கையால் விரட்டினால் என்ன ஆகும், குரங்கும் போய் ஜன்னலும் குழம்பி ஏதோ பழுப்பு நிறப் பஞ்சுப்பொதி வந்தது. `pointed wooden hood with slats over window` என்று உருவத்தை விவரித்து, பென்சிலால் போட்ட கோட்டுப்படம் ஒன்றை, கோடுகளின் வடிவத்தைப் பின்பற்ற வைக்கும் ControlNet-இல் கொடுத்த பிறகுதான் சரியானது. பொருளின் வடிவத்துக்கு நெகட்டிவும் உதவாது, ஸ்டைல் ரெஃபரன்ஸும் உதவாது, அது வேறு கணக்கு.

இப்போது ரெஃபரன்ஸ் பக்கம். எங்களில் ஒருவர் வரைந்த வாட்டர்கலர் ஒன்றை, ரெஃபரன்ஸ் படத்தைப் படித்து மாடலுக்குச் சொல்லும் IPAdapter-இல் கொடுத்தேன், மஞ்சள் வானம், கீழே ஒரு வேப்பமரம். முதல் ஓட்டத்திலேயே பன்னிரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது, காகிதத்தின் சொரசொரப்புகூட வந்தது. ஆனால் `weight` 1.0-இல் சமையலறை அலமாரியிலிருந்து வேப்பிலை தொங்கியது. மாடலுக்கு ஸ்டைல் வேறு, படத்தில் இருக்கும் பொருள் வேறு என்று தானாகத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். `weight_type`-ஐ `style transfer` என்று மாற்றி, `weight`-ஐ 0.7-க்கு இறக்கியதும் இலை பெரும்பாலும் போனது. மிச்சம் இருந்த இரண்டு படங்களுக்கு மட்டும் நெகட்டிவில் `leaves, tree` போட்டேன், அங்கே அது கச்சிதமாக வேலை செய்தது. துடைப்பம் என்று சொன்னது இதைத்தான். ஏரிக்கரைக்கு அதே நெகட்டிவை மறந்துபோய் விட்டுவைத்தால் கரை மொட்டையாகிவிடும், அதனால் படத்துக்குப் படம் தனி நெகட்டிவ் வைப்பதுதான் நல்லது.

இன்னொன்று, ரெஃபரன்ஸைப் படிக்கும் பகுதி சின்னச் சதுரமாகத்தான் படத்தைப் பார்க்கிறது, அகலமான படத்தைக் கொடுத்தால் ஓரங்கள் வெட்டுப்படும். ஸ்டைல் நன்றாகத் தெரியும் இடத்தை நீங்களே சதுரமாக வெட்டிக் கொடுங்கள். நான் மரம் இல்லாத பக்கத்தை வெட்டிக் கொடுத்திருந்தால் வேப்பிலைப் பிரச்சினையில் பாதி வந்தே இருக்காது.

அப்புறம் எடிட் செய்யும் தம்பி கேட்டான், "அண்ணா, ராத்திரி சீன்லயும் வானம் ஏன் மஞ்சளா இருக்கு?" நியாயமான கேள்வி. நிறமும் ஸ்டைலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நெகட்டிவில் `yellow` போட்டால் வானத்தோடு சேர்ந்து விளக்கு வெளிச்சமும் செத்துப்போனது. வழி கிடைத்தது, ரெஃபரன்ஸ் எந்த இடத்திலிருந்து வேலை செய்யத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் `start_at`-இல். மொத்த வெளிச்சமும் அமைப்பும் முதல் சில ஸ்டெப்களிலேயே முடிவாகிவிடும் என்பதால், 0.25 வைத்தால் கால்வாசி தூரம் வரை ப்ராம்ப்ட் மட்டும் ஓட்டும், ராத்திரி ராத்திரியாக நிற்கும், பிறகு தூரிகைத் தடம் மட்டும் மேலே ஏறும். அதிகம் தள்ளி 0.5 வைத்தால் ஸ்டைல் ஏற நேரம் போதாது, மறுபடி குடும்பம் பிரியும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ராத்திரிக்கு என்றே தனியாக ஒரு ரெஃபரன்ஸ் வரைந்துவிடலாம்.

Midjourney ஆட்களுக்கு இதே இரண்டும் `--no`, `--sref` என்று இருக்கின்றன, ரெஃபரன்ஸின் பலத்தைச் சொல்லும் `--sw` 0 முதல் 1000 வரை, சும்மா விட்டால் 100. திறந்து பார்க்கும் வசதி குறைவு, ஆனால் சண்டை அதே சண்டைதான்.

ஒற்றுமை வந்துவிட்டதா என்று பெரிய படமாகப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், ஒவ்வொன்றும் தனியாக அழகாகத்தான் தெரியும். பன்னிரண்டையும் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கி ஒரே பக்கத்தில் அடுக்கினேன், பஸ் ஸ்டாப் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. காரணம் போர்டில் இருந்த கிறுக்கல் எழுத்துகள், எந்த மொழியும் இல்லை. நெகட்டிவில் `text, letters` கொடுத்ததும் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கடைசியில் போர்டை வெற்றாகப் பூசிவிட்டு, தம்பி கையாலேயே கன்னடத்தில் எழுதினான்.