மேக்ரமே கிட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள் (2,750 ரூபாய் போச்சு)

கொலுவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மாட்டுவதற்குச் சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் செய்கிற மேக்ரமே தொங்கல் ஒன்றை நானே செய்யலாம் என்று நினைத்தேன். அதற்காக 2,750 ரூபாய் கட்டி, கையில் வந்தது பிளாஸ்டிக் கயிறு. நேற்று இரவுதான் அந்தப் பக்கத்தில் என்னை பிளாக் செய்தார்கள், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ரீல்ஸ் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் கைவினைப் பக்கங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று.

கிட் 1,950, ஆன்லைன் வகுப்பு 800. நாலு மில்லிமீட்டர் சணல் கயிறு நூறு மீட்டர், மரக்கம்பு, மரமணி, குட்டி மணிகள் எல்லாம் வரும், புதிதாகக் கற்பவர்கள் கொலுவுக்குள் ஒரு தொங்கலை முடித்துவிடலாம் என்று விளம்பரம். நான் எடுத்தவுடன் பணம் போடவில்லை. "இது நிஜச் சணல்தானா, சணல் மாதிரி இருக்கும் வேறு எதுவுமா?" என்று நேராகவே கேட்டேன். ஆர்டர் எடுக்கும் பெண் உடனே ஒரு வீடியோ அனுப்பினார். கயிற்று நுனியைப் பிரித்து, சீப்பால் சீவிக் காட்டுகிறார், நார் நாராகப் பிரிந்து தூசு பறக்கிறது, கறுப்பு மேஜை முழுக்க பழுப்புத் துகள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நாங்களே மொத்தமா வாங்கி உருட்டுறோம், உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி நினைச்சுக்கோங்க." சணல் அப்படித்தான் உதிரும். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும் என்று அந்த நிமிடமே ஜிபேயில் 2,750 போட்டேன்.

பார்சல் வந்ததும் முதலில் உறுத்தியது வாசம். ரேஷன் கடைக் கோணிச்சாக்கு வாசம் தெரியும் இல்லையா, சணலைத் திரிக்கும்போது நார் மிருதுவாக எண்ணெய் தெளிப்பதால் வருகிற வாசம் அது, லேசாகவாவது இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. நிறம் பார்க்கச் சணல்தான், ஆனால் வெளிச்சத்தில் திருப்பினால் ஒரு பளபளப்பு. நுனியைப் பிரித்துச் சீவினேன். தூசே இல்லை, தட்டைத் தட்டையாக இழைகள் பிரிந்து விறைத்துக்கொண்டு நின்றன. ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் தீக்குச்சி காட்டினேன். நிஜச் சணல் காகிதம் போல எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாக வேண்டும். இது சுருண்டு, உருகி, சொட்டியது. ஆறிய பிறகு நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கெட்டி உருண்டை, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. கொலுவுக்குப் பக்கத்தில் அகல் ஏற்றுகிற வீட்டில் இதை மாட்டியிருந்தால்? (நிஜச் சணலும் தீப்பிடிக்கும், அதையும் விளக்குக்கு மேலே மாட்டாதீர்கள். ஆனால் இது உருகிக் கையில் ஒட்டும்.)

அப்புறம் வகுப்பு. கம்பில் கயிற்றை மாட்டும் லார்க்ஸ் ஹெட் முடிச்சு காட்டினார்கள், ஒரே ஒரு ஸ்கொயர் நாட் காட்டினார்கள், அதற்குள் லிங்க் கட். இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போடாவிட்டால் ஸ்கொயர் நாட் தட்டையாக வராமல் முறுக்கிக்கொண்டு போகும் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்கலாம் என்று பார்த்தால் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும்.

எனக்கு ரத்தம் கொதித்தது அளவு விஷயத்தில். தொங்கல் 60 சென்டிமீட்டர் நீளம், 16 கயிறு, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் வெட்டச் சொன்னார்கள். என் அக்கா மேக்ரமே செய்கிறவர், போனில் சொன்னதும் சிரித்துவிட்டார். "முடிச்சு நெருக்கமா வர்ற டிசைன்னா முடியுற நீளத்தைப் போல நாலு மடங்கு வேணும்டி, அதுவும் கயிறை ரெண்டா மடிச்சுத்தானே கம்புல மாட்டுற, அப்போ வெட்டும்போது எட்டு மடங்கு." 60 சென்டிமீட்டருக்கு எட்டு மடங்கு 4.8 மீட்டர். 16 கயிற்றுக்குக் கிட்டத்தட்ட 77 மீட்டர். நூறு மீட்டர் உருளையில் தாராளமாக வர வேண்டியது. பிறகு ஏன் மூன்று மீட்டர்? சந்தேகம் வந்து உருளையை முழுதும் பிரித்து டேப் வைத்து அளந்தேன். 62 மீட்டர்! நடுவில் இருந்த அட்டைக் குழாய் என் கை நுழையும் அளவுக்குப் பருமன், அதனால்தான் உருளை அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது. 4.8 மீட்டர் கணக்கில் 12 கயிறுதான் தேறும். மூன்று மீட்டர் என்று சொன்னால் 48 மீட்டரில் வேலை முடிந்தது போல இருக்கும், யாரும் உருளையை அளக்க மாட்டார்கள். அதே வகுப்பில் இருந்த இன்னொரு பெண் தனியாக மெசேஜ் போட்டார், அவருக்குப் பாதி வழியிலேயே கயிறு தீர்ந்துவிட்டதாம். கேட்டதற்கு, "அதுதான் டிசைன், மிச்சத்தை ஃபிரிஞ்சா விட்டுருங்க" என்று பதில் வந்திருக்கிறது. எதை ஃபிரிஞ்சாக விடுவது, கயிறே இல்லையே.

எரித்த துண்டின் போட்டோ, டேப் வைத்து அளந்த வீடியோ எல்லாம் அனுப்பி 2,750 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். அதுவரை "அக்கா" என்றவர் "மேம்" ஆனார். முதலில், தண்ணீரில் ஊறவைத்தால் சாஃப்ட் ஆகிவிடும் என்றார். பிளாஸ்டிக்கை ஊறவைத்தால்? அடுத்து, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் ரீஃபண்ட் கிடையாது என்றார், இதை ஆர்டர் எடுக்கும்போது சொல்லவே இல்லை. பிறகு "டீம்கிட்ட சொல்லியிருக்கோம்". கடைசியில், "நாங்க ஜூட் ஃபினிஷ்னுதான் போட்டிருக்கோம், ஜூட்னு போடலை மேம்." போய்ப் பார்த்தால் பதிவைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். வகுப்புக்கான 800-ஐயாவது கொடுங்கள் என்றேன், வகுப்பில் கலந்துகொண்டுவிட்டீர்களே என்றார்கள். கமெண்டில் எழுதினேன், நிமிடத்தில் நீக்கினார்கள், பிறகு பிளாக். அக்காவின் போனில் பார்த்தால் தீபாவளி தோரண கிட் என்று அடுத்த விளம்பரம் ஓடுகிறது, அதே வீடியோவோடு.

எப்படிச் செய்வது என்று படிப்படியாகத்தான் எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கிட் வாங்காதீர்கள், சாக்கு, கயிறு விற்கிற கடைக்குப் போய்க் கையால் தொட்டு, முகர்ந்து வாங்குங்கள். ஆன்லைன்தான் வழி என்றால் முதலில் ஒரு சின்ன உருளை மட்டும் வாங்கி, ஒரு துண்டை எரித்துப் பாருங்கள். பிரித்து அளக்கச் சிரமமாக இருந்தால் பத்து மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள், பிறகு அதோடு சேர்த்து முழு உருளையையும் வைத்து அட்டைக் குழாயின் எடையை உத்தேசமாகக் கழியுங்கள், மிச்சத்தைப் பத்து மீட்டரின் எடையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிடும். மணியின் ஓட்டை கயிறு நுழையும் அளவா என்று கேளுங்கள், எனக்கு வந்த மணியில் தையல் நூல்தான் நுழையும். விளம்பரத்தைப் பணம் போடுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண், புகார் கொடுத்திருக்கிறேன். அதே பக்கத்தில் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் கொடுங்கள்.