சதவீதம் காட்டும் கருவியா, பழைய கட்டுரைக் கட்டா?

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சிற்றிதழுக்கு வருகிற கட்டுரைகளை முதலில் படிப்பது நான்தான். எழுதியது ஆளா ஏஐயா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. கண்டறியும் கருவியில் போட்டுச் சதவீதம் பார்க்கலாம். அல்லது, அவரே முன்பு எழுதியவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். முதல் வழியை நான் விட்டுவிட்டேன். காரணம், என் எழுத்திலேயே செய்து பார்த்த ஒரு சோதனை.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பற்றி ஏஐயிடம் ஒரு கட்டுரை கேட்டேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் கோயில் அது. முதல் தடவை, “நெல்லைக்காரர் எளிமையாக எழுதுவது போல” என்று மட்டும் சொன்னேன். வந்ததைக் கருவி உடனே பிடித்துவிட்டது. அடுத்த தடவை என் பழைய கட்டுரைகள் ஆறைக் கொடுத்து, இதே நடையில் எழுதச் சொன்னேன். அதற்குக் கருவி தந்த மதிப்பெண்ணும் நானே எழுதிய கட்டுரைக்குத் தந்ததும் கிட்டத்தட்ட ஒன்று.

கருவிகளில் ஒரு வகை, ‘இந்த இடத்தில் இந்தச் சொல் வரும் என்று எவ்வளவு எதிர்பார்க்கலாம்’ என்று கணக்கிடுகிறது. எதிர்பார்த்த சொல்லே தொடர்ந்து வந்தால் இயந்திரம் என்கிறது. என் ஆறு கட்டுரைகளைப் படித்த ஏஐ, அவற்றுக்குப் பொருந்தும் சொல்லைத்தான் எடுக்கிறது. கருவியோ அந்த ஆறையும் பார்ப்பதில்லை, முடிந்த பக்கத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் ஏஐக்கு இயல்பாக வந்த சொல், கருவிக்கு எதிர்பாராததாகத் தெரிகிறது. இயந்திர எழுத்தைப் பார்த்துப் பழகிய இன்னொரு வகைக் கருவிக்கும் இதே சிக்கல்தான்: அது பழகியது, முன்மாதிரிக் கட்டுரை எதுவும் கொடுக்காமல் வாங்கிய எழுத்தில். ஏஐ சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மறைகுறி ஒன்றை வைத்திருந்தால், நடை மாறினாலும் அது தங்கும். ஆனால் அதைப் படிக்க அந்த நிறுவனத்தின் சோதனைக் கருவி வேண்டும். ஆள் உட்கார்ந்து திருத்தினால் குறியும் மங்கும்.

சரி, அப்புறம் எது வேறாக இருக்கிறது? இதழில் கூட இருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் அந்தக் கட்டுரையைக் கொடுத்தேன். பாதி படித்துவிட்டு, “தம்பி, உங்க கட்டுரைல இத்தன ‘ஏலே’ வராதே” என்றார். அவர் சொன்னதை வைத்து எண்ண ஆரம்பித்தேன். நான் கொடுத்த ஆறு கட்டுரைகளில் ‘ஏலே’ ஒரே ஒரு கட்டுரையில்தான் பல தடவை வருகிறது, அதுவும் என் தாத்தா பேசுகிற இடத்தில். மற்ற ஐந்தில் இல்லவே இல்லை. இதே போல ஏஐயிடம் இன்னும் நாலு கட்டுரை வாங்கினேன். நாலிலும் ஒன்றிரண்டு ‘ஏலே’ இருந்தது. மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, பரவலில்தான் வித்தியாசம். என் கட்டுரைகளில் ஒன்று பேச்சாகவே போகும், இன்னொன்று வரவு செலவு போல வறண்டு இருக்கும். ஏஐ அவற்றின் சராசரியை எடுத்து ஒவ்வொன்றிலும் அளந்து போடுகிறது. வாக்கிய நீளமும் அப்படித்தான்.

சின்னச் சொற்களிலும் ஆள் தெரிவார். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், ஹாமில்டன் எழுதியதா மேடிசன் எழுதியதா என்று சர்ச்சையில் இருந்த 12 கட்டுரைகளைப் புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் அலசியது இத்தகைய சொற்களை எண்ணித்தான். ‘அபான்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் அடிக்கடி எழுதுவார், மேடிசன் அநேகமாக எழுதவே மாட்டார். தமிழில் ‘தான்’, ‘உம்’, ‘ஏ’, ‘ஆவது’ எல்லாம் முன் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், சொற்களைப் பிரித்து எண்ணினால் தப்பிவிடும். ஈறுகளைத் தேடி எண்ண வேண்டும். எனக்குத் ‘தான்’ அதிகம். ஏஐ முதல் இரண்டு பத்தியில் அதைப் பிடித்தது, நாலாவது பத்திக்கு மேல் கைவிட்டுவிட்டது. கட்டுரை நீள நீள அதன் சொந்த நடை திரும்பிவிடுகிறது. கடைசிப் பத்தி அதற்குச் சரியான இடம்: நான் எங்கும் எழுதாத ஓர் அறிவுரையோடு முடித்திருந்தது.

இன்னொன்றும் பார்க்கலாம். வந்த கட்டுரையில் உள்ள நாலைந்து சொல் கொண்ட தொடர்களைப் பழைய கட்டுரைகளில் தேடுங்கள். “ஆத்தங்கரைப் படியில் கால் நனைத்தபடி” என்ற என் தொடர் ஏஐ கட்டுரையில் அப்படியே வந்திருந்தது. அதை நான் ஒரே தடவைதான் எழுதியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த எல்லையையும் சொல்கிறேன். ஒரே ஒரு கட்டுரையை வைத்து இந்த முறையில் எதையும் தீர்மானிக்க முடியாது, பரவல் தெரிய நாலைந்து கட்டுரையாவது வேண்டும். முதன்முறை எழுதுகிறவருக்குப் பழைய கட்டே இருக்காது. அவரை அழைத்து, “இதை எந்தப் படித்துறையில் நின்று பார்த்தீர்கள்?” என்று கேட்கிறேன். ஏஐ தந்ததை ஒருவர் வரிக்கு வரி திருத்தி அனுப்பினால், பக்கத்தில் வைத்துப் படித்தாலும் எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை.