கடிதமா, வாட்ஸ்அப் செய்தியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர், 7 ஆண்டுகளுக்கு முன் தாம் காரணம் சொல்லாமல் பிரிந்துவந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க விரும்பி, எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

கடிதத்தில் நிதானம் உண்டு. ஆனால் தோட்டக் குடியிருப்புக்கு வரும் தபால் பல இடங்களில் ஆபீசில் சேர்ந்து, கைமாறித்தான் வீட்டை அடைகிறது. அந்தப் பெண் இப்போது மணமானவராக இருந்தால், உறையின் மேலுள்ள கையெழுத்தே வீட்டில் கேள்வியை எழுப்பிவிடும்.

வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் அவர் கைக்கே செல்லும், வேண்டாமென்றால் நம்மைத் தடைசெய்யும் உரிமையும் அவரிடமே இருக்கும் என்பதால், நான் அதையே சொன்னேன். அதன் குறை நீலக் குறி: படித்தும் பதில் வரவில்லை என்று தெரிந்தவுடன், மனம் இரண்டாவது செய்தியை எழுதத் துடிக்கும். ஆகவே அனுப்புமுன்பே அமைப்பில் படித்த அறிகுறியை அணைத்துவிடச் சொன்னேன். அணைத்தால் பிறர் படித்ததும் நமக்குத் தெரியாது.

நண்பருடைய முதல் வரைவில் "ஆனால் என் வீட்டு நிலைமை" என்றொரு வரி இருந்தது. அந்த "ஆனால்" மன்னிப்பை வழக்காடலாக மாற்றிவிடுவதால் அதை நீக்கினோம். எஞ்சியவை மூன்று வாக்கியங்கள்: "அன்று காரணம் சொல்லாமல் பிரிந்தது என் தவறு. அதற்காக வருந்துகிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை."