ஆறவைத்த தண்ணீரா, சூடான தண்ணீரா? குழந்தையின் பால் பவுடருக்கு எது சரி?

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். தாய்ப்பால் போதாமல் டாக்டர் பால் பவுடர் எழுதிக்கொடுத்திருந்தார். காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அந்த நாள் முழுக்க அதிலேயே பால் கலந்துகொண்டிருந்தாள். சூடாக இருக்கும்போதே கலந்தால் நல்லது என்றேன். "தண்ணியத்தான் நல்லா கொதிக்க வச்சுட்டோமேண்ணா, அதுல இனிமே என்ன கிருமி இருக்கப்போகுது?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்த தண்ணீரில் கவலைப்படும்படி கிருமி எதுவும் மிஞ்சாது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்வார்கள். தானாக அணையும் கெட்டில் என்றால் அணையும்வரை விட்டால் சரி. ஆனால் நாம் சூட்டைக் கேட்பது தண்ணீருக்காக மட்டும் இல்லை, பவுடருக்காகவும்தான்.

தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்து அடைத்திருந்தாலும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா உலர்ந்த பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சால்மோனெல்லாவும் அப்படி வரலாம். டப்பாவைத் திறந்த பிறகு கரண்டி, கை, மேடை வழியாகவும் உள்ளே போகலாம். கொதித்து ஆறிய தண்ணீரை அந்தப் பொடியில் ஊற்றினால் பாக்டீரியாவை எழுப்பி, சோறு போட்டு, வெதுவெதுப்பான இடமும் கொடுத்ததாகிறது. அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டி, தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைக் கலந்து, அப்புறம் பாட்டிலை வேகமாகக் குளிரவைக்கச் சொல்கிறது. ஆறிய தண்ணீர், 70 டிகிரி என்ற இந்த இரண்டு வழிகளோடு, கொஞ்சம் சூடான தண்ணீரில் கலந்து மீதிக்கு ஆறிய தண்ணீர் ஊற்றும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. பவுடரே வேண்டாம் என்று திரவப் பாலுக்குப் போவது நான்காவது வழி.

ஆறவைத்த தண்ணீரில் கலப்பது

வசதியில் இதை எதுவும் அடிக்காது. கட்டி விழாது, கை சுடாது, அழும் குழந்தைக்கு உடனே கொடுக்கலாம். இரண்டு மாதம் தாண்டிய, நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு இதை அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. கலந்த உடனே குடித்து முடித்துவிட்டால் பாக்டீரியா பெருக நேரம் கிடைக்காது என்பதுதான் அதிலுள்ள நியாயம். பாதிப் பாலை வைத்திருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அந்த நியாயம் போய்விடும்.

சூடாகவும் இல்லாமல் ஆறியும் இல்லாமல் 50 டிகிரி வாக்கில் கலப்பது நல்ல நடுவழி என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 50 டிகிரி கிருமியைச் சட்டென்று கொல்லாது. அங்கிருந்து மெதுவாக ஆறும்போது பால் 45-லிருந்து 30 டிகிரிக்குள் வெகுநேரம் நிற்கும், பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு அதுதான். பாட்டிலை அப்படியே மேசைமேல் ஆறவிட்டால், குளிர்ந்த தண்ணீரில் கலந்ததைவிட மோசமாகவே முடியலாம்.

70 டிகிரிக்கு மேல் கலப்பது

இதில் சிக்கலே சூட்டைக் கணிப்பதுதான். கொதித்த பிறகு அரை மணி நேரத்துக்குள் கலக்கவும் என்று ஒரு குறிப்பு சொல்லும், ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கலக்கவும் என்று இன்னொன்று சொல்லும். குழம்ப வேண்டாம். அரை மணி நேரக் கணக்கு, ஒரு லிட்டராவது தண்ணீர் வைத்து மூடிய கெட்டிலுக்கானது. அகலமான பாத்திரத்தில் 150 மில்லி மட்டும் கொதிக்கவைத்துத் திறந்து வைத்தால் பத்து நிமிடத்திலேயே 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, உங்கள் பாத்திரம், உங்கள் அளவில் இரண்டு தடவை பார்த்துவிட்டால் அதன்பிறகு கடிகாரமே போதும்.

தங்கை வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். குழந்தைக்கு 90 மில்லி, அந்த டப்பாவில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. (சில டப்பாக்களில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி இருக்கும். டப்பா மாறினால் கரண்டியும் மாற வேண்டும்.) கெட்டிலில் ஒரு லிட்டர் புதுத் தண்ணீர் கொதித்தது. கையையும் மேடையையும் சுத்தம் செய்து, கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில் முதலில் தண்ணீரை 90 கோடு வரை ஊற்றினோம். பிறகுதான் மூன்று கரண்டி பவுடர், தலைதட்டி, அழுத்தாமல். மூடி, மெதுவாகச் சுழற்றிக் கலக்கினோம். சூடான பாலை வேகமாகக் குலுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி நிப்பிள் வழியாகப் பீய்ச்சும்.

அப்புறம் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினோம். கிண்ணத்துத் தண்ணீர் மூடிக்குக் கீழேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொதிக்காத தண்ணீர் உள்ளே கசியும். அவ்வப்போது பாட்டிலைச் சுழற்றி, தண்ணீர் சூடானதும் மாற்றினால் வேகமாக ஆறும். துடைத்துவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. ஆறவைக்கிறேன் என்று பாலுக்குள்ளேயே பச்சைத்தண்ணீர் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிருமி ஒருபக்கம் இருக்கட்டும், பால் நீர்த்துப்போகும். சின்னக் குழந்தைக்கு அதிகத் தண்ணீர் போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரும்.

இந்த முறையின் குறை, சூடு பட்டுக்கொள்ளும் ஆபத்தும் காத்திருப்பும். வைட்டமின் சி கொஞ்சம் குறையும். நன்மை செய்யும் பாக்டீரியா சேர்த்த பவுடர் என்றால் அதுவும் இந்தச் சூட்டில் செத்துப்போகும். அதனால் சில டப்பாக்களில் குறைந்த சூட்டில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். பச்சிளம் குழந்தைக்கு அந்த வகைப் பவுடரைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பாதி சூடு, பாதி குளிர்

30 மில்லி சூடான தண்ணீரில் மூன்று கரண்டி பவுடரையும் கலக்கி, மீதி 60 மில்லிக்கு முன்பே கொதித்து ஃபிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஆறவைக்கும் வேலையே இல்லை. பால் கலக்கும் இயந்திரங்கள் சிலவும் இப்படித்தான் செய்கின்றன. புத்திசாலித்தனமான வழிதான், ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அறை வெப்பத்தில் இருக்கும் பவுடர் 13 கிராம், தண்ணீர் 75 டிகிரி. முழு 90 மில்லியில் கலந்தால் சூடு 72, 73-க்கு இறங்கும். அதே பவுடரை 30 மில்லியில் கலந்தால் 68 ஆகிவிடும். பாட்டில் சுவரும் தன் பங்குக்குச் சூட்டைப் பிடுங்கும், கண்ணாடி பாட்டில் என்றால் இன்னும் அதிகமாக. கொஞ்சமான தண்ணீரில் சூடு தங்காது. கொதித்து அடங்கியதும் ஊற்றினால்தான் இந்த வழி தேறும்.

இன்னொரு பொறி கண்ணுக்கே தெரியாது. பவுடரும் இடம் பிடிக்கும். 30 மில்லியில் பவுடரைக் கலந்துவிட்டு 90 கோடு வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், உள்ளே போனது 90 மில்லி தண்ணீர் இல்லை, ஏறக்குறைய 80 தான். வேளைக்கு வேளை பால் கெட்டியாகவே போகும். இந்த வழிதான் வேண்டும் என்றால் 60 மில்லியைத் தனியாக அளந்து வைத்துக்கொண்டு ஊற்றவும். கலந்து முடித்த பால் 90 கோட்டைத் தாண்டி நிற்பதுதான் சரியான அளவு.

தயாராக வரும் திரவப் பால்

திறந்து அப்படியே கொடுக்கும் திரவப் பால், கிருமி நீக்கி அடைக்கப்பட்டது. சூடும் வேண்டாம், அளவும் வேண்டாம். விலையும் கிடைப்பதும்தான் தடை. திறந்த பிறகு அதுவும் சாதாரணப் பால்தான், டப்பாவில் சொன்னபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ரொம்பச் சின்னக் குழந்தை என்றால்

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, பிறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் கீழ் இருந்தது, நோய் எதிர்ப்பு குறைந்தது. இவர்களுக்கு மேலே சொன்னதில் திரவப் பால் முதலிடத்துக்கு வந்துவிடும். அது முடியாதபோது 70 டிகிரி முறை. ஆறவைத்த தண்ணீரை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். குரோனோபாக்டர் தொற்று அரிதுதான், ஆனால் வந்தால் ரத்தத்திலும் மூளை உறையிலும் ஏறுகிறது, உயிரையே எடுத்துவிடலாம். 2001-ல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் அப்படி ஒரு குழந்தை இறந்தது. விசாரித்தபோது கிருமி பால் பவுடரில் இருந்தது தெரிந்தது. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்தது என்று காலண்டரைப் பார்த்து முறையை மாற்ற வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

இந்த வயதில் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலப்பதே நல்லது. இரவு இரண்டு மணிக்குக் கெட்டிலோடு நிற்க முடியாது என்றாள் தங்கை, நியாயம்தான். கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க்கில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடினால் பல மணி நேரம் 70-க்கு மேல் நிற்கும். பாதி நிரம்பிய ஃபிளாஸ்க் அவ்வளவு தாங்காது. படுக்கும்போது நிரப்பி, இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால் உங்கள் ஃபிளாஸ்க்கை நம்பலாமா என்பது தெரிந்துவிடும். பவுடரை வேளைக்கு வேளை அளந்து உலர்ந்த, சுத்தமான சின்ன டப்பாக்களில் தனியாக வைத்துக்கொள்ளவும். குழந்தை வாய் வைத்த பாட்டிலில் மீதி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடவும், திரும்பச் சூடாக்கிக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும், இந்த வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, தேற்ற முடியாமல் அழுதுகொண்டே இருந்தாலோ காலைவரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கலந்த பவுடரின் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். தொற்று என்று சந்தேகம் வந்தால் அதன் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.